கடன் வட்டிக்கும் வைப்பு வட்டிக்கும் இடையிலுள்ள பள்ளம்: கடன் வாங்கிப் பங்கு வாங்குவதன் கணக்கு

கேள்வி

இந்தியாவில் ஒருவர் தம் பணத்தை மத்திய அரசிடம் 91 நாள்களுக்குக் கடனாகக் கொடுக்கலாம். அதற்குக் கருவூல உண்டியல் என்று பெயர். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தொடங்கிய சில்லறை நேரடித் திட்டத்தின் வழியாகப் பத்தாயிரம் ரூபாய் இருந்தாலே இதை வாங்க முடியும். 2024-ல் இதற்குக் கிடைத்த வட்டி ஏறக்குறைய ஆறரை முதல் ஏழு விழுக்காடு. அதே மனிதர் பங்கு வாங்கத் தம் தரகு நிறுவனத்திடம் கடன் கேட்டால் நிலைமை வேறு. மார்ஜின் டிரேடிங் வசதி, சுருக்கமாக எம்.டி.எஃப்., என்ற பெயரில் கிடைக்கும் அந்தக் கடனுக்கு ஒன்பது விழுக்காட்டிலிருந்து பதினெட்டு வரை வாங்குகிறார்கள். "ஒரு நாளைக்கு வெறும் 0.04 விழுக்காடு" என்று விளம்பரத்தில் வந்தால் அது ஆண்டுக்கு 14.6 விழுக்காடு.

கொடுக்கும்போது ஆறரை, வாங்கும்போது பன்னிரண்டு என்று வைப்போம். இந்தப் பள்ளம் இருக்கும்போது கடன் வாங்கிப் பங்குத்தொகுப்பைப் பெரிதாக்குவது ஈட்டத்தையும் அபாயத்தையும் என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. கடனால் இரண்டும் ஒருசேரப் பெருகும் என்பது வழக்கமான பதில். அபாயத்தைப் பொறுத்தவரை அது சரி. ஈட்டத்தைப் பொறுத்தவரை பாதிதான் சரி.

பாடநூலின் நேர்கோடு எங்கே முறிகிறது

இன்று நிதியியல் வகுப்புகளில் கற்பிக்கப்படும் படம் 1950-களிலும் 60-களிலும் உருவானது. ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-ல், பல பங்குகளைக் கலந்து வைத்தால் ஒரே அபாயத்துக்கு மிக உயர்ந்த ஈட்டம் தரும் கலவைகளை வளைகோடாக வரையலாம் என்று காட்டினார். ஜேம்ஸ் டோபின் 1958-ல் அதனுடன் அபாயமற்ற பணத்தைச் சேர்த்தார். 1964-ல் வில்லியம் ஷார்ப் அதை ஒரு சந்தைக் கோட்பாடாக விரித்தார். அதன்படி அபாயமற்ற வட்டியிலிருந்து கிளம்பி வளைகோட்டைத் தொட்டுச் செல்லும் ஒரே நேர்கோடுதான் எல்லோருக்கும் வழி. அச்சம் மிகுந்தவர் கோட்டின் இடப்பக்கம் நின்று பணத்தின் ஒரு பகுதியை அரசுக்குக் கடன் கொடுப்பார். துணிந்தவர் வலப்பக்கம் போய்க் கடன் வாங்குவார். இருவர் கையிலும் இருக்கும் பங்குக் கலவை ஒன்றுதான். அளவு மட்டுமே மாறும்.

அந்த நேர்கோட்டின் அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது: தனிமனிதரும் அரசும் ஒரே வட்டிக்குக் கடன் வாங்கலாம். இது நடைமுறையில் இல்லை என்பது அப்போதே தெரிந்ததுதான். கொடுக்கும் வட்டியும் வாங்கும் வட்டியும் வேறுபட்டால் முதலீட்டு முடிவு மூன்று மண்டலங்களாகப் பிரியும் என்பதை 1958-லேயே ஜாக் ஹிர்ஷ்லைஃபர் வேறொரு சூழலில் விளக்கியிருந்தார். பங்குச் சந்தைக் கோட்பாட்டுக்குள் அந்த வேறுபாட்டை 1971-ல் மைக்கேல் பிரென்னன் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ஃபிஷர் பிளாக், கடனே வாங்க முடியாத நிலையில் சந்தை எப்படி இருக்கும் என்று எழுதினார்.

இவர்களைப் படித்தபின் படம் இப்படி மாறுகிறது. குறைந்த வட்டியிலிருந்து ஒரு நேர்கோடு கிளம்பி வளைகோட்டைத் தொடுகிறது. அது அந்தத் தொடுபுள்ளியிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் துணிய விரும்புபவர் கொஞ்ச தூரம் வளைகோட்டின் மேலேயே நடக்க வேண்டும். அந்த மண்டலத்தில் கடன் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. இன்னும் வலப்பக்கம் போனால் உயர்ந்த வட்டியிலிருந்து வரும் இரண்டாவது கோடு வளைகோட்டைத் தொடும் இடம் வரும். கடன் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கோடு முதல் கோட்டைவிட மிகவும் தட்டையானது.

எவ்வளவு தட்டை என்பதைப் பாடநூல்கள் ஒரு படத்தோடு கடந்துவிடுகின்றன. இக்கட்டுரையின் வாதம் அந்தத் தட்டைத்தன்மையின் மேல்தான் நிற்கிறது.

எண்களை வைத்துப் பார்த்தால்

ஒரு பரந்த இந்தியப் பங்குக் குறியீட்டு நிதியை எடுத்துக்கொள்வோம். அதன் எதிர்பார்க்கும் ஈட்டம் ஆண்டுக்கு 13 விழுக்காடு, ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலக்கம் 18 விழுக்காடு என்று வைப்போம். இவை எடுகோள்கள்தாம், இவற்றை மாற்றினால் என்ன ஆகும் என்பது பின்னால் வரும். கொடுக்கும் வட்டி 6.5, வாங்கும் வட்டி 12.

முழுப் பணத்தையும் கருவூல உண்டியலில் வைத்திருப்பவர் படிப்படியாகப் பங்குக்கு மாறுகிறார். முழுதும் மாறும்போது 18 அலகு அபாயத்தை ஏற்று 6.5 அலகு கூடுதல் ஈட்டம் பெறுகிறார். ஓர் அலகு அபாயத்துக்கு 0.36 அலகு. இனி அவர் தம் பணம் 5 லட்சத்துடன் கடன் 5 லட்சம் சேர்த்து 10 லட்சத்துக்குப் பங்கு வாங்குகிறார். 13 விழுக்காட்டின் இரு மடங்கு 26. அதில் வட்டி 12 கழிந்தால் எதிர்பார்க்கும் ஈட்டம் 14. அபாயமோ 36. அதாவது அடுத்த 18 அலகு அபாயத்துக்குக் கிடைத்த கூடுதல் ஈட்டம் ஒரே ஓர் அலகு. ஓர் அலகு அபாயத்துக்கு 0.06 கூட இல்லை.

முதல் பாதி வழியில் கிடைத்த கூலியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவுதான் இரண்டாம் பாதியில் கிடைக்கிறது. "கடன் அபாயத்தையும் ஈட்டத்தையும் பெருக்கும்" என்ற வாக்கியம் மறைப்பது இதைத்தான். அபாயத்தை அது அப்படியே இரட்டிக்கிறது. ஈட்டத்தில் வட்டிக்கு மேலுள்ள பகுதியை மட்டுமே பெருக்குகிறது. 12 விழுக்காட்டுக் கடனில் அந்தப் பகுதி ஒரு விழுக்காடுதான்.

இதுவும் முழுக் கணக்கு இல்லை. சராசரி ஈட்டமும் பணம் உண்மையில் வளரும் வேகமும் ஒன்றல்ல. 100 ரூபாய் ஓராண்டு 50 விழுக்காடு ஏறி அடுத்த ஆண்டு 50 விழுக்காடு இறங்கினால் சராசரி ஈட்டம் சுழியம், ஆனால் கையில் இருப்பது 75 ரூபாய். ஏற்ற இறக்கம் கூடக்கூட இந்தத் தேய்மானமும் கூடும். தோராயமாக அது திட்ட விலக்கத்தின் வர்க்கத்தில் பாதி. கடன் இல்லாதவருக்கு 18 விழுக்காட்டின் வர்க்கம் 3.24 விழுக்காடு, அதில் பாதி 1.62. ஆகவே அவர் பணம் நீண்டகாலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 11.4 விழுக்காடு வேகத்தில் வளரும். இரட்டிப்பாக்கியவருக்கு 36-ன் வர்க்கம் 12.96, பாதி 6.48. 14-லிருந்து அதைக் கழித்தால் 7.5.

ஆக, கடன் வாங்கியவர் இரு மடங்கு அபாயத்தைச் சுமந்தும் கடன் வாங்காதவரைவிட நான்கு விழுக்காடு மெதுவாக வளர்கிறார். கருவூல உண்டியலைவிட அவருக்குக் கிடைப்பது ஒரு விழுக்காடுதான் கூடுதல்.

இதே கணக்கில் வட்டியை மட்டும் 6.5 ஆக்கிப் பார்க்க வேண்டும். 26-லிருந்து 6.5 போனால் 19.5, தேய்மானம் 6.48 போக 13. கடனற்றவரின் 11.4-ஐவிட இது தெளிவாக மேல். பங்கும் அளவும் அபாயமும் ஒன்றே. வட்டி ஒன்று மாறியதும் கெட்ட முடிவு நல்ல முடிவாகிறது. கடனை நியாயப்படுத்தும் வட்டிக்கு ஒரு மேல்வரம்பு இருக்கிறது என்பதை இதிலிருந்து காணலாம். எதிர்பார்க்கும் ஈட்டத்திலிருந்து திட்ட விலக்கத்தின் வர்க்கத்தைக் கழித்தால் அது கிடைக்கும். இங்கே 13-லிருந்து 3.24 போக 9.76. வட்டி அதற்குக் கீழே இருந்தால் சிறிதளவு கடன் பணத்தின் வளர்ச்சியைக் கூட்டும். மேலே இருந்தால் முதல் ரூபாய்க் கடனே வளர்ச்சியைக் குறைக்கத் தொடங்கும்.

கடன் தொகுப்பின் உள்ளடக்கத்தையும் மாற்றுகிறது

ஷார்ப்பின் உலகில் துணிந்தவரும் அஞ்சியவரும் ஒரே கலவையை வைத்திருந்தார்கள். வட்டிகள் பிரிந்ததும் அந்த ஒற்றுமை போய்விடுகிறது. இது அதிகம் பேசப்படாத விளைவு.

பங்கோடு தங்கத்தையும் சேர்த்துக்கொள்வோம். தங்கத்தின் எதிர்பார்க்கும் ஈட்டம் 9, திட்ட விலக்கம் 15, பங்கின் ஏற்ற இறக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்று வைப்போம். 6.5 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்டால் மிகச் சிறந்த கலவை பங்கு 64, தங்கம் 36. அதன் ஈட்டம் 11.6, அபாயம் 12.8. தங்கம் ஈட்டத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் அபாயத்தை நிறையக் குறைக்கிறது. அரசின் வட்டிக்கே கடன் கிடைத்தால் இந்தக் கலவையையே கடனால் பெரிதாக்கி, 18 விழுக்காட்டு அபாயத்தில் 13.7 விழுக்காடு ஈட்டலாம். தனிப் பங்கு அதே அபாயத்தில் தருவது 13.

வாங்கும் வட்டி 8 ஆனால் கடன்காரரின் கலவை பங்கு 78, தங்கம் 22 என்று நகர்கிறது. 9-ஐத் தொட்டதும் தங்கம் முற்றிலும் வெளியேறுகிறது. காரணம் எளியது. 12 விழுக்காட்டுக்குக் கடன் வைத்துக்கொண்டு 9 விழுக்காடு தரும் தங்கத்தை வைத்திருப்பவர், தங்கத்தை விற்றுக் கடனை அடைத்தால் அந்த நாளிலிருந்து அவருக்கு ஆண்டுக்கு உறுதியாக 12 விழுக்காடு மிச்சமாகும். தங்கத்துக்கும் கடன்பத்திரத்துக்கும் இடமில்லாமல் போகிறது. அபாயத்தைத் தணிக்கும் சொத்துகள் எவையோ அவையே முதலில் வெளியே போகின்றன. கடன் ஒரு பக்கம் அபாயத்தைப் பெருக்க, அந்த அபாயத்தைத் தாங்கும் பரவலாக்கத்தை மறுபக்கம் அதே கடனின் விலை அரித்துவிடுகிறது.

சந்தை முழுவதிலும் இதன் சுவடு தெரிகிறது. பிளாக், மைக்கேல் ஜென்சன், மைரன் ஷோல்ஸ் மூவரும் 1972-ல் நியூயார்க் பங்குகளின் பழைய விலைகளை ஆராய்ந்தார்கள். சந்தையோடு குறைவாக அசையும் பங்குகள் கோட்பாடு சொன்னதைவிட அதிகமும், அதிகமாக அசையும் பங்குகள் குறைவாகவும் ஈட்டியிருந்தன. ஆந்த்ரேயா ஃபிராஸ்ஸினியும் லாஸே பெடர்சனும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: எளிதாகக் கடன் வாங்க முடியாதவர்கள், கடனுக்கு மாற்றாகத் துடிப்பான பங்குகளையே தேடி வாங்குகிறார்கள், அதனால் அவற்றின் விலை ஏறி, பிற்கால ஈட்டம் குறைகிறது. இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. லாட்டரி மனப்பான்மையையும், நிதி மேலாளர்கள் குறியீட்டோடு ஒப்பிடப்படுவதையும் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் கடனின் விலை, கடன் வாங்காதவர்கள் வாங்கும் பங்குகளையும் தொடக்கூடும் என்பதைப் புறக்கணிக்க முடியாது.

2020: ஜனவரி 14 முதல் நவம்பர் 9 வரை

சராசரிகள் பாதையை மறைக்கும். ஒரு குறிப்பிட்ட காலத்தில் நடந்ததை நாள் கணக்கில் பார்ப்பது நல்லது.

2020 ஜனவரி 14 அன்று நிஃப்டி 50 குறியீடு ஏறக்குறைய 12,362-ல் முடிந்தது. அன்று தம் 5 லட்சத்தோடு 12 விழுக்காட்டுக்கு 5 லட்சம் கடன் சேர்த்து 10 லட்சத்துக்குக் குறியீட்டு நிதி வாங்கிய ஒருவரைக் கற்பனை செய்வோம். பங்குகளின் மதிப்பில் குறைந்தது 30 விழுக்காடு அவருடைய சொந்தப் பணமாக இருக்க வேண்டும் என்பது தரகு நிறுவனத்தின் நிபந்தனை என்று கொள்வோம். செபி 2017-ல் வகுத்த விதிகளின்படி மார்ஜின் பங்குக்குப் பங்கு மாறும். 30 என்பது கணக்குக்காக.

வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால், 10 லட்சம் 7.14 லட்சமாகக் குறையும்போது இந்த வரம்பு உடையும். அதாவது 28.6 விழுக்காட்டு வீழ்ச்சி, நிஃப்டி ஏறக்குறைய 8,830. மார்ச் 17 அன்று குறியீடு 8,967-ல் முடிந்தது. வரம்பு இன்னும் நிற்கிறது. மறுநாள் 8,469. உடைந்துவிட்டது. தரகு நிறுவனம் கூடுதல் பணம் கேட்கும். கட்ட முடியாதவரின் பங்குகளை விற்கும். அந்த விலையில் பங்குகளின் மதிப்பு 6.85 லட்சம். கடன் 5 லட்சமும் 64 நாள் வட்டி 10,500 ரூபாயும் போக அவருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 1.75 லட்சம். குறியீடு இழந்தது 31 விழுக்காடு. அவர் இழந்தது 65.

மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 விழுக்காடு சரிந்து 7,610-ல் முடிந்தது. அதன்பின் ஏறத் தொடங்கி நவம்பர் 9 அன்று 12,461-ல் நின்றது. கடன் வாங்காமல் 5 லட்சத்தை அசையாமல் வைத்திருந்தவர், ஈவுத்தொகையைக் கணக்கில் சேர்க்காமலே, போட்ட பணத்தை மீட்டு 4,000 ரூபாய் கூடுதலும் பெற்றார். பங்குகள் விற்கப்பட்டவருக்கு அந்த ஏற்றத்தில் பங்கில்லை.

மூன்றாவது ஒருவரையும் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து பணம் புரட்டி மார்ஜினை நிறைவுசெய்து, கடனையும் பங்கையும் நவம்பர் வரை காத்தவர் அவர். புரட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கொண்டால், அவருடைய பங்குகளின் மதிப்பு 10.08 லட்சம். 300 நாள் வட்டி 49,300 ரூபாய். கடனும் வட்டியும் போக மிச்சம் ஏறக்குறைய 4.59 லட்சம். வீழ்ச்சியைத் தாங்கியவர், சந்தை பழைய உயரத்தைத் தாண்டிய நாளில், எட்டு விழுக்காடு நட்டத்தில் நிற்கிறார். கொடுக்கும் வட்டியாக மேலே கொண்ட 6.5 விழுக்காட்டுக்கே அவருக்குக் கடன் கிடைத்திருந்தால் அந்த நட்டம் பாதிக்கும் குறைவு. மார்ஜின் அழைப்பை எல்லோரும் பேசுகிறார்கள். சத்தமில்லாமல் ஒவ்வொரு நாளும் ஏறிய இந்த வட்டியைப் பேசுவோர் குறைவு.

எதிர்வாதங்கள்

கடனை ஆதரிப்போரின் வலுவான குரல் யேல் பல்கலைக்கழகத்தின் இயன் ஏய்ரஸும் பேரி நேல்பஃபும் 2010-ல் வெளியிட்ட 'லைஃப்சைக்கிள் இன்வெஸ்டிங்' என்ற நூலில் இருக்கிறது. இளையோரின் செல்வத்தில் பெரும்பகுதி இன்னும் சம்பாதிக்காத சம்பளம். ஆகவே இளமையில் இரு மடங்குவரை கடன் சேர்த்துப் பங்கு வாங்கினால், பங்கின் அபாயம் வாழ்நாள் முழுவதும் சமமாகப் பரவும் என்பது அவர்கள் வாதம். இது சிந்தித்து எழுதப்பட்ட வாதம். ஆனால் அவர்கள் பரிந்துரைக்கும் வழி, நீண்டகால ஆப்ஷன்களுக்குள் மறைந்திருக்கும் மலிவான வட்டியை நம்பியிருக்கிறது. அந்தக் கடன் அமெரிக்கச் சந்தையில் கிடைப்பது. 12 விழுக்காட்டு எம்.டி.எஃப். கணக்குக்கு அதே முடிவைப் பெயர்த்துவைக்க முடியாது.

இரண்டாவது வாதம் இந்தியாவிலிருந்தே வருகிறது: நிஃப்டி பியூச்சர்ஸ் ஒப்பந்தம் இருக்கும்போது தரகரிடம் எதற்குக் கடன்? உண்மைதான். பியூச்சர்ஸ் விலைக்குள் ஒளிந்திருக்கும் வட்டி பெரும்பாலும் கருவூல உண்டியலின் வட்டிக்கு அருகில் இருக்கும். அந்த இடைவெளி விரிந்தால் ஆர்பிட்ரேஜ் நிதிகள் புகுந்து அதைச் சுருக்கிவிடும். ஆனால் அங்கே லாப நட்டம் அன்றன்றே ரொக்கமாகத் தீர்க்கப்படுகிறது. மாதந்தோறும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்த மதிப்பை செபி 15 லட்சமாக உயர்த்தியது. 5 லட்சம் வைத்திருப்பவருக்கு ஒரே ஒப்பந்தம், சொந்தப் பணத்தைப்போல் மூன்று மடங்குக்குப் பங்கு வைத்திருப்பதற்குச் சமம். மலிவான வட்டி பெரிய பைகளுக்குத்தான் பொருத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது.

மூன்றாவது வாதம் எடுகோளைத் தாக்குகிறது: ஈட்டம் 13 அல்ல, 16 என்றால்? அப்போது வட்டியின் மேல்வரம்பு 12.76 ஆகும், 12 விழுக்காட்டுக் கடன் நியாயமாகிறது. ஆனால் வளர்ச்சியை உச்சமாக்கும் கடன், சொந்தப் பணம் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 23 ரூபாய்தான். விளம்பரங்கள் சொல்லும் மூன்று, நான்கு மடங்கு அல்ல. அதோடு 13-க்கும் 16-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பழைய விலைகளிலிருந்து பிரித்தறிவதும் இயலாது. 18 விழுக்காட்டுத் திட்ட விலக்கமுள்ள சந்தையில் 25 ஆண்டுத் தரவை வைத்துச் சராசரியைக் கணித்தால் அதன் பிழை மட்டுமே 3.6 விழுக்காடு. ஈட்டம் ஊகம், வட்டி ஒப்பந்தம். ஊகத்தின் பிழை ஆதாயத்தைவிடப் பெரிதாக இருக்கும் இடத்தில் ஒப்பந்தமான செலவைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

எஞ்சும் முடிவு

இந்தப் பள்ளத்துக்குத் தரகு நிறுவனங்களை மட்டும் குறைசொல்வது பொருந்தாது. அவையும் வங்கியிடமும் வணிகப் பத்திரங்கள் வழியாகவும் வட்டிக்குப் பணம் திரட்டியே கொடுக்கின்றன. ஈடாகப் பிடித்திருக்கும் பங்கு ஒரே நாளில் 13 விழுக்காடு விழக்கூடும் என்ற அச்சமும் அவற்றின் விலையில் உண்டு. பள்ளம் நீங்காது. அதைக் கணக்கில் சேர்ப்பதுதான் செய்யக்கூடியது.

இந்தக் கணக்கு ஒரு சாதாரண முதலீட்டாளரின் கணக்கேட்டிலேயே சரிபார்க்கக்கூடியது. ஒரு பக்கம் ஏழு விழுக்காட்டு வைப்புநிதி, மறுபக்கம் பன்னிரண்டு விழுக்காட்டுப் பங்குக் கடன் என்று இரண்டும் இருந்தால், சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்த அளவு பணத்தில் ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு உறுதியாகக் கசிகிறது. அவசரத் தேவைக்கு ஒதுக்கிய சிறு தொகை நீங்கலாக அந்த வைப்பை எடுத்துக் கடனை அடைப்பதே முதல் வேலை. அதற்குப் பிறகும் துணிவு மிஞ்சியிருப்பவர், கடனைத் தேடுமுன் தம் தொகுப்பில் தங்கத்தையும் கடன்பத்திரத்தையும் குறைத்துப் பங்கைக் கூட்டலாம். நடு மண்டலத்தின் வழி அதுதான். பரந்த குறியீட்டு நிதிக்காக 12 விழுக்காட்டுக்குக் கடன் வாங்குவதை, இங்கே பார்த்த எண்களில் நியாயப்படுத்த முடியவில்லை.